அந்தக் கேபிள் என்ன பதில் சொன்னது?

லைட்னிங் போர்ட் உள்ள ஐபோனில் நடைபாதைக் கடையில் வாங்கிய கேபிள் ஒன்றைச் செருகினால் சில நேரம் திரையில் `This accessory may not be supported` என்று வரும். இதைப் பார்த்தவுடன் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்கிறோம்: கேபிள் மட்டம், வயர் மெலிசு, போனுக்கு ஆகாது. எனக்கு இந்த முடிவின் மேல் நெடுநாளாகவே சந்தேகம். வீட்டில் இரண்டு மலிவுக் கேபிள்கள் கிடக்கின்றன. ஒன்று துணி பின்னிய தடித்த கேபிள், கையில் எடுத்தாலே கனம் தெரியும். அதைச் செருகினால் எச்சரிக்கை. இன்னொன்று சாதாரண இயர்போன் வயரைவிடச் சற்றே தடிமன், அவ்வளவுதான். அதைச் செருகினால் போன் ஒரு வார்த்தை சொல்லாது, சார்ஜ் ஏறும் ஓசையோடு ஏற்றுக்கொள்ளும். ஆனால் தடித்த கேபிளில் (எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போன் ஏற்றுக்கொள்ளும் வேளைகளில்) சார்ஜ் விறுவிறுவென ஏறும். மெலிசுக் கேபிளிலோ இரவெல்லாம் போட்டாலும் காலையில் திருப்தி இருக்காது.

எச்சரிக்கை கேபிளின் தரத்தைப் பார்த்து வருகிறது என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? போன் பார்ப்பது வயரையே அல்ல. வயரின் முனையில், அந்தச் சிறு உலோக நாக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சிப்பைத்தான் அது விசாரிக்கிறது. வாசலில் அடையாள அட்டை கேட்கும் காவலாளி, வருகிறவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

கேபிள் விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கடையில் கேட்டால், "இது சாதா சார், இது சிப் வச்சது, அம்பது ரூபாய் சேத்து வரும்" என்பார்கள். அந்த ஐம்பது ரூபாய் செம்புக்கு அல்ல என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

லைட்னிங் 2012 செப்டம்பரில் ஐபோன் 5 உடன் வந்தது. அதற்கு முன் இருந்த 30 பின் இணைப்பில் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு நிலையான வேலை: இது யூஎஸ்பி, இது ஆடியோ, இது வீடியோ. லைட்னிங்கில் போனின் பக்கம் எட்டே பின்தான். எட்டை வைத்துக்கொண்டு சார்ஜ், தரவு, ஹெட்போன், டிவி இணைப்பு எல்லாவற்றையும் நடத்த வேண்டும். போதாததற்கு எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும். ஆகவே செருகப்பட்டது என்ன, எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்பப் பின்களின் வேலையைப் போன் அந்த நொடியில் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஒன்றாவது பின் கிரவுண்ட், ஐந்தாவது பின் பவர், நடுவில் இரண்டு ஜோடித் தரவுப் பின்கள். மீதமுள்ள நான்கும் எட்டும்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள். அவற்றை ஐடி பின்கள் என்பார்கள்.

அதாவது, கேபிளில் சிப் இருப்பது வெறும் வியாபாரத் தந்திரம் மட்டும் அல்ல. இந்த இணைப்பின் அமைப்பே "நீ யார்?" என்று கேட்டுத்தான் தொடங்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டு உரிமக் கட்டணம் வாங்குவது வேறு விஷயம், அது கண்டிப்பாக வியாபாரம்தான். எம்எஃப்ஐ என்ற பெயரில் நடக்கும் அந்த உரிமத் திட்டத்தில் சேர்ந்த தயாரிப்பாளர்களுக்குத்தான் சிப் முறைப்படி விற்கப்படுகிறது.

போனின் போர்டில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு சிப் உண்டு. பழுதுபார்ப்பவர்கள் அதை டிரிஸ்டார் என்பார்கள், பிந்தைய மாடல்களில் அது ஹைட்ரா. சர்வீஸ் கடைகளில் பொதுவாக "யூ2 ஐசி" அல்லது "சார்ஜிங் ஐசி" என்ற பெயரே நடமாடுகிறது. கேபிளைச் செருகியதும் டிரிஸ்டார் இரண்டு ஐடி பின்களிலும் மாறி மாறி ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. ஒரே கம்பியில் போகவும் வரவும் பேசும் மெதுவான உரையாடல் இது. எந்தப் பின்னில் பதில் வருகிறதோ, அதை வைத்து நாக்கு எப்படித் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆர்வலர்கள் இந்தக் கம்பியில் லாஜிக் அனலைசரை வைத்துப் பதிவு செய்ததைப் பார்த்தால், சாதாரண யூஎஸ்பி கேபிளோடு நடக்கும் முதல் பேச்சு இவ்வளவுதான்:

```
போன்:   74 00 02 1F
கேபிள்: 75 10 0C 00 00 00 00 66
போன்:   70 00 00 3D
கேபிள்: 71 93
```

முதல் வரியின் `74` என்பதுதான் "நீ யார்?" கேபிள் `75` என்று தொடங்கிப் பதில் தருகிறது. நடுவில் உள்ள ஆறு பைட்டுகள் அதன் அடையாளம்: `10 0C` என்று தொடங்கினால் நான் சார்ஜும் தரவும் கடத்தும் யூஎஸ்பி கேபிள் என்று பொருள். வேறு வகைக் கருவி என்றால் இந்த ஆறு பைட்டும் வேறாக இருக்கும், போனும் அதற்கேற்பப் பின்களை வேறு மாதிரி ஒதுக்கும். ஒவ்வொரு வரியின் கடைசி பைட்டும் சரிபார்ப்பு எண். முந்தைய பைட்டுகளை ஒரு குறிப்பிட்ட முறையில் மடித்துக் கணக்கிட்டால் அது வர வேண்டும். வழியில் ஒரே ஒரு பிட் பிசகினாலும் எண் பொருந்தாது, பதில் செல்லாது. (காகிதத்தில் கையால் போட்டுப் பார்க்கலாம். சிஆர்சி-8, தொடக்க மதிப்பு `FF`, வலப்புறமாக நகர்த்தும் முறையில் `8C`. அரை மணி நேரம் பொழுது போகும், கணக்கு சரியாக வருவது ஒரு தனி மகிழ்ச்சி.)

மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்தது. `70` என்பது மின்சாரம் பற்றிய கட்டளை. நல்ல கேபிளில் சார்ஜரிலிருந்து வரும் 5 வோல்ட் நேராக ஐந்தாவது பின்னுக்குப் போய் நிற்பதில்லை. நடுவில் ஒரு சிறு மின்னணு சுவிட்ச் இருக்கிறது. போன் கேட்டு, கேபிள் பதில் சொல்லி, இந்தக் கட்டளையும் வந்த பிறகே சுவிட்ச் முழுதாகத் திறக்கும். மேசையில் கிடக்கும் நாக்கைச் சாவிக்கொத்து தொட்டாலும், குழந்தை வாயில் வைத்தாலும், பின்னில் முழு மின்சாரம் இல்லை.

இந்தப் பதில் ஒரு நிலையான சரம் என்பதை கவனித்திருப்பீர்கள். கம்பியில் ஒட்டுக் கேட்ட எவரும் அதே எட்டு பைட்டைத் திருப்பிச் சொல்லும் சிப் ஒன்றைச் செய்துவிட முடியும். அப்படித்தான் டூப்ளிகேட் சிப்கள் வந்தன. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான், அதுவரை சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த பல கேபிள்களுக்குச் சான்றளிக்கப்படாத கேபிள் என்ற எச்சரிக்கை வரத் தொடங்கியது. முதல் அடையாளத்துக்குப் பிறகும் போன் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு: சிப்பின் விவரம், வரிசை எண் போன்றவை. நகல் எடுத்தவர் அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதி வைத்திருப்பார். போனின் மென்பொருள் நாளை புதிதாக ஒன்றைக் கேட்டால் அவருடைய சிப் விழிக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, அப்டேட் போட்டதும் கேபிள் போச்சு" என்று சொல்பவர்களின் கேபிளில் உண்மையில் எதுவும் போகவில்லை. கேள்வித்தாள்தான் மாறியிருக்கிறது.

கேபிளைவிடப் பெரிய கருவிகளுக்கு விசாரணை இன்னும் கடுமை. அவற்றிடம் போன் முதலில் ஆப்பிள் கொடுத்த சான்றிதழைக் கேட்கும், சரிபார்க்கும். பிறகு ஒரு புதிர் எண்ணை அனுப்பும். அதற்குக் கையொப்பமிட்ட பதில் வர வேண்டும். புதிர் ஒவ்வொரு முறையும் வேறு என்பதால் ஒட்டுக் கேட்டு நகலெடுத்துப் பயனில்லை, ரகசியச் சாவி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பாதுகாப்பு பற்றிய தன் கையேட்டில் ஆப்பிளே இந்த முறையை விவரித்திருக்கிறது.

என் இரண்டு கேபிள்களுக்கு வருவோம். மெலிசுக் கேபிளின் வயர் உறையில் `28AWG` என்று அச்சிட்டிருந்தது. தரவு வயரின் அளவை இப்படிப் பெருமையாக அச்சிடுவது வழக்கம்தான், ஆனால் பிரித்துப் பார்த்தால் பவர் வயரும் அதே தடிமன். 28 அளவுச் செம்பு வயரின் தடை ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும், கிரவுண்ட் வழியாகத் திரும்பவும் வேண்டும். ஆக ஒரு மீட்டர் கேபிளில் மொத்தம் 0.43 ஓம். போன் 2 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.85 வோல்ட் தொலைந்துவிடும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போனின் வாசலுக்கு வருவது 4.15 தான். கேபிள் சூடாவதில் வீணாகும் திறன் 1.7 வாட்.

நிரம்பும் நிலையில் பேட்டரியே 4.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சுற்று மின்னழுத்தத்தைக் குறைக்கத் தெரிந்தது, கூட்டத் தெரியாதது. வாசலில் மின்னழுத்தம் சரிவதைக் கண்டதும் அது இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்கிறது. குறைத்தால் இழப்பு குறையும், மின்னழுத்தம் நிமிரும், ஒரு சமநிலையில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். யூஎஸ்பி மீட்டரை நடுவில் வைத்தால் 2 ஆம்பியரைப் பார்க்கவே முடியாது. நம் தடித்த கேபிளில் பவர் வயர் 24 அளவு என்று வைத்துக்கொண்டால் தடை மீட்டருக்கு 0.084 ஓம். அதே கணக்கில் 0.34 வோல்ட்தான் போகும், போனுக்கு 4.66 கிடைக்கும்.

இந்த இழப்பு எதுவும் எச்சரிக்கையைக் கிளப்பாது. காரணம், சிப் உட்கார்ந்திருப்பது போனின் பக்கத்து முனையில், நாக்குக்குள். ஐடி பேச்சு சில மில்லிமீட்டர் தூரத்தில் முடிந்துவிடுகிறது. மீட்டர் நீள வயரில் என்ன நடக்கிறது என்பது அந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை. மெலிசுக் கேபிளில் நல்ல நகல் சிப் இருக்கிறது, அதனால் தேர்ச்சி. தடித்த கேபிளில் பழைய நகல் சிப் இருக்கிறது, அதனால் எச்சரிக்கை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு நல்ல கேபிள் செய்துவிடலாமே என்று என் தம்பி கேட்டான். அந்த ஐசியைச் சாமணத்தால் பிடிக்கும் அளவுக்குக் கண் இருக்க வேண்டுமே!

அப்படியென்றால் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாமா? இங்கேதான் அந்தச் சுவிட்ச் திரும்ப வருகிறது. மலிவு நகல்களில் சிப் பதில் சொல்லும், சுவிட்ச் இருக்காது. சார்ஜரின் 5 வோல்ட் நேராக ஐந்தாவது பின்னில் எப்போதும் நிற்கும். பக்கத்துப் பின்தான் நான்காவது, ஐடி பின். அது 5 வோல்ட்டைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் பேசும் மெல்லிய கம்பி, நேராக டிரிஸ்டாருக்குப் போவது. வியர்வைக் கையால் தொட்ட நாக்கு, சட்டைப்பை ஈரம், சென்னை மாதிரி ஊரின் உப்புக் காற்று ஆகியவற்றால் இரண்டு பின்னுக்கும் இடையே கசிவு ஏற்பட்டால் பாதிக்கப்படுவது போனின் போர்டு. மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும் பின் ஈரம் பட்டு அரிப்பதும் எளிது. பழைய கேபிள்களில் நடுவில் ஒரே ஒரு பின் மட்டும் கருத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் இந்த பவர் பின்தான். ஒரிஜினல் கேபிளிலும் கருக்கும், ஆனால் அங்கே அதற்கு அதிக காலம் பிடிக்கும்.

சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கேபிளைச் சார்ஜரில் செருகி, போனில் செருகாமல், நாக்கின் ஒன்றாவது பின்னுக்கும் ஐந்தாவது பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளப்பது. வெறும் மீட்டரை மட்டும் வைத்தால் ஏமாற வாய்ப்புண்டு, சுவிட்ச் மூடியிருந்தாலும் சிறு கசிவு மின்சாரத்தை மீட்டர் பெரிதாகக் காட்டும். 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையாக வைத்து அளக்க வேண்டும். சுமை வைத்தும் 5 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றால் சுவிட்ச் இல்லை. படாரென்று சரிந்தால் இருக்கிறது. ஊசி முனை உள்ள புரோப் இல்லாமல் இதை முயல வேண்டாம், பக்கத்துப் பின்னோடு ஷார்ட் ஆக்கிவிடுவீர்கள். என் தடித்த கேபிள், மெலிசுக் கேபிள் இரண்டுமே இந்தச் சோதனையில் 5 வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. எச்சரிக்கை வராத கேபிளும்தான்! ஆக, போன் சும்மா இருந்தது என்பதற்காக அந்தக் கேபிள் பத்திரமானது என்று ஆகிவிடாது.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான மட்டத் தரம் சார்ஜரில் இருக்கிறது, கேபிளில் அல்ல. 230 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒன்றையொன்று தொடாமல் பிரிப்பது சார்ஜரின் வேலை. 2013 ஆகஸ்டில் ஆப்பிள் போலி சார்ஜர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு தள்ளுபடியில் புதியது கொடுக்கும் திட்டம் நடத்தியது, கேபிளுக்கு அப்படி ஒன்றும் நடத்தவில்லை. போனின் எச்சரிக்கையோ கேபிளைப் பற்றியது மட்டுமே. மோசமான சார்ஜரில் நல்ல சிப் கேபிளைச் செருகினால் போனுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

சிப் ஒழுங்காக இருந்தும் எச்சரிக்கை வருவது இன்னொரு கதை, அதுவும் அடிக்கடி நடக்கிறது. முதலில் நாக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எச்சரிக்கை வந்தால் நாக்கின் ஒரு முகத்தில் பின் தேய்ந்தோ கருத்தோ போயிருக்கிறது, சிப் மேல் பழி இல்லை. இரண்டு பக்கமும் வந்தால், நாக்கு கடைசிவரை உள்ளே போகிறதா என்று பாருங்கள். பையில் போட்டு எடுக்கும் போன் என்றால் போர்ட்டின் அடியில் பஞ்சு போல நூல் தூசி சேர்ந்து, ஒவ்வொரு முறை செருகும்போதும் அழுந்தி, கெட்டித் தகடு மாதிரி ஆகியிருக்கும். நாக்கு சற்றே வெளியே நின்றாலும் ஐடி பின் விட்டுவிட்டுத் தொடலாம். பாதியில் அறுந்த பதிலுக்குச் சரிபார்ப்பு எண் பொருந்தாது. போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் அடியிலிருந்து மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். குண்டூசி கூடாது, பின்களின் பூச்சு போய்விடும். போர்ட்டில் ஈரம் இருந்தால் புதிய மாடல்கள் அதைத் தனியாக, திரவம் இருக்கிறது என்றே சொல்லும், அது இந்த எச்சரிக்கை அல்ல.

சுத்தம் செய்த பிறகும், நம்பகமான ஒரிஜினல் கேபிளிலும், வேறு சார்ஜரிலும் அதே எச்சரிக்கை வந்தால் கேள்வி கேட்கும் பக்கத்தில்தான் கோளாறு. போர்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது டிரிஸ்டார் அடிபட்டிருக்கலாம். டிரிஸ்டார் போனால் வேறு குறிகளும் கூடவே வரும்: சார்ஜ் ஆவதாகக் காட்டும், சதவீதம் ஏறாது, கணினியில் செருகினால் போனே தெரியாது, சும்மா இருக்கும்போதும் பேட்டரி வேகமாக இறங்கும். சர்வீஸ் கடையில் இதற்கு முதலில் போர்ட்டை மாற்றிப் பார்ப்பார்கள், அது எளிய வேலை என்பதால் நியாயமும்கூட. ஆனால் போர்ட் மாற்றியும் போகவில்லை என்றால் அடுத்து பேட்டரியை மாற்றச் சம்மதிக்காதீர்கள். "யூ2 ஐசி பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டால் வேலை தெரிந்தவர் உடனே பிடித்துக்கொள்வார். மைக்ரோஸ்கோப்பின் கீழ் வெப்பக் காற்றால் பழைய சிப்பை எடுத்துப் புதியதை வைக்கும் வேலை அது, எல்லாக் கடையிலும் நடக்காது.

2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 முதல் போர்ட் டைப்-சி ஆகிவிட்டது. பொதுச் சார்ஜர் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கு நடைமுறைக்கு வந்தது. டைப்-சியில் 3 ஆம்பியர் வரை போகும் சாதாரணக் கேபிளுக்கு அடையாளச் சிப்பே வேண்டாம். ஆக அங்கேயும் மெலிசுச் செம்பைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை, யூஎஸ்பி மீட்டரைத் தவிர. லைட்னிங் போன் இன்னும் கையில் வைத்திருப்பவர்கள், உரிமம் பெற்ற கேபிளா என்று தெரிந்துகொள்ள அட்டைப் பெட்டியின் `Made for iPhone` முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், அதை அச்சடிக்கச் சிப் தேவையில்லை. தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் கொண்டு ஆப்பிளின் எம்எஃப்ஐ தளத்தில் தேடிப் பார்க்கலாம். என் தடித்த கேபிளின் பெட்டியில் முத்திரை இருந்தது, மாடல் எண் எங்கேயும் இல்லை.